விக்னெட் தெரிகிறது, முகம் தெரியவில்லை: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

கல்யாண ஆல்பமும் போர்ட்ரெய்ட்டும் எடிட் செய்பவர்களின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு இது. கண் முகத்துக்குப் போகட்டும் என்று ஓரத்தை லேசாக இருட்டுவார்கள், இந்த ஓர இருட்டுக்குத்தான் விக்னெட் என்று பெயர். முடித்துப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் நான்கு மூலையும்தான் கண்ணில் படும். படமும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஆல்பத்திலிருந்து எடுத்தது போல ஆகிவிடும்.

உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடக்கூடிய காரணம் முதலில் வரும், நேரமும் பணமும் பிடிப்பது கடைசியில் வரும். ஸ்லைடர் பெயர்களை Lightroom Classic திரையில் இருக்கிறபடியே எழுதியிருக்கிறேன். Camera Raw பயன்படுத்துபவர்களுக்கும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

கிராப் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். Effects பகுதியில் விக்னெட் போடும் Post-Crop Vignetting கிராப்போடு சேர்ந்தே நகரும். விக்னெட் போட்ட பிறகு கிராப்பை மாற்றினால், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இருட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் விக்னெட்.

அடுத்து, படத்தைச் சுற்றியுள்ள பின்னணியை வெள்ளையாக்குங்கள். படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்தால் White என்று இருக்கும். அடர் சாம்பல் பின்னணியில் மூலை இருட்டு கரைந்து போய் அடக்கமாகத் தெரியும். அதே படத்தை வெள்ளைக் காகிதத்திலோ வெள்ளைத் திரையிலோ வைத்தால் மூலை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். படம் கடைசியில் வெள்ளைக்குப் பக்கத்தில்தான் வாழப்போகிறது என்றால் எடிட்டையும் அங்கேயே செய்வது நல்லது.

பிறகு `G` அழுத்தி, கட்டம் கட்டமாகத் தெரியும் காட்சிக்குப் போய், சின்னப் படமாகப் பாருங்கள். முதலில் முகம் தெரிகிறதா, ஒரு சட்டகம் தெரிகிறதா? சட்டகம் தெரிந்தால் கீழே படியுங்கள்.

## அறிகுறி 1: நான்கு மூலையும் கருப்பாகத் தனித்துத் தெரிகிறது

### விளிம்பு கூர்மையாக இருக்கிறதா?

Effects பகுதியில் Amount ஸ்லைடரைத் தற்காலிகமாக -100 வரை இழுங்கள். இப்போது விக்னெட்டின் வடிவம் அப்பட்டமாகத் தெரியும். நீள்வட்டத்தின் விளிம்பை விரலால் தொடர்ந்து வரைய முடிகிறது என்றால் Feather போதவில்லை. அதை 85-க்கு மேல் ஏற்றிவிட்டு, Amount-ஐ -10 பக்கம் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் இந்தப் புகாரில் பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் பலரும் தலைகீழாகச் செய்கிற ஒன்று Midpoint. ‘இருட்டு மூலையில் மட்டும் இருந்தால் அடக்கமாக இருக்கும்’ என்று நினைத்து அதை 70, 80 என்று ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் இருட்டு முழுவதும் மூலையில் போய்க் குவிந்துவிடும். பழைய ஆல்பத் தோற்றத்தைத் தருவதே அந்தக் குவியல்தான். Midpoint-ஐ 25-30 வரை இறக்கி, Feather-ஐ ஏற்றி, Amount-ஐக் குறைத்து வையுங்கள். இருட்டு அகலமாகப் பரவும்போது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. Roundness-ஐ 0-லேயே விட்டுவிடலாம். செங்குத்துப் படத்தில் அதை ஏற்றினால் நீள்வட்டம் வட்டமாகி, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மட்டும் கனத்துவிடும்.

### Style எதில் இருக்கிறது?

Paint Overlay என்று இருந்தால் அது படத்தின் மேல் கருப்பைப் பூசுகிற வழி. வெளிச்சமான இடம், இருண்ட இடம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கச் செய்யும். Highlight Priority-க்கு மாற்றுங்கள். அதே Amount-க்கே படம் உயிரோடு இருக்கும்.

### ஏற்கெனவே இருக்கும் இருட்டின் மேல் இன்னொன்று விழுகிறதா?

Effects பகுதியைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். அப்போதும் மூலை இருட்டாக இருந்தால் அது லென்ஸ் கொண்டுவந்த இருட்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 எம்எம் f/1.8 மாதிரியான லென்ஸை முழுத் திறப்பில் வைத்து எடுத்தால் மூலை கண்ணுக்குத் தெரிகிற அளவு இருட்டும். Lens Corrections-இல் Enable Profile Corrections-ஐ டிக் செய்து அந்த இருட்டை முதலில் நீக்குங்கள். லென்ஸின் இருட்டு முழு ஃபிரேமின் நடுவை வைத்து உண்டாவது. நீங்கள் இடப்பக்கத்தை வெட்டியிருந்தால் வலப்பக்க மூலைகள் மட்டும் கனமாக இருக்கும். ஒருபக்கம் மட்டும் இருட்டு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

காசு கொடுத்து வாங்கிய பிரீசெட் போட்டிருந்தால் Effects பகுதியையும் மாஸ்க் பட்டியலையும் திறந்து பாருங்கள். பல பிரீசெட்டுகளில் விக்னெட் உள்ளேயே வைத்திருப்பார்கள். அதன் மேல் நீங்களும் ஒன்று போட்டால் இரண்டு மடங்கு.

### எதை அணைத்தாலும் மூலை கருப்பாகவே இருக்கிறதா?

பொருந்தாத ஹூட், தடித்த வளையம் உள்ள ஃபில்டர், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு ஃபில்டர். லென்ஸின் இருட்டு படிப்படியாக இறங்கும், இது வெட்டியது போல இருக்கும். எந்த ஸ்லைடரும் இதை மீட்காது, கிராப் செய்து ஒதுக்குவதுதான் வழி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் எல்லாப் படத்திலும் இருண்டிருந்தால் லென்ஸை சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்க வேண்டிய நேரம்.

## அறிகுறி 2: மூலை உறுத்தவில்லை, ஆனால் கண் முகத்துக்குப் போகவில்லை

இதுதான் விக்னெட்டின் அடிப்படைக் கோளாறு. Post-Crop Vignetting-இன் நடு எப்போதும் ஃபிரேமின் நடுதான், அதை நகர்த்த வழியில்லை. போர்ட்ரெய்ட்டில் முகம் நடுவில் இருப்பதோ அபூர்வம். மேல்பாதியில், ஒருபக்கம் ஒதுங்கி இருக்கும். நடுவில் இருப்பது கழுத்து நகையாகவோ முழங்கையாகவோ பக்கத்திலுள்ள குத்துவிளக்காகவோ இருக்கும். விக்னெட் போட்டதும் அவைதான் எடுப்பாகும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்க்கலாம். மண்டபத்தில் மணமகள் உட்கார்ந்திருக்கிறார். படுக்கைவாட்டுப் படம். முகம் இடப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் இருக்கிறது. சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஃபிரேமின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் பித்தளைக் குத்துவிளக்கு. அதற்குப் பின்னால், வலது ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உறவினர்.

### முதலில் அளந்து பாருங்கள்

Develop-இல் படத்தின் மேல் கர்சரை வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே R, G, B சதவீதம் தெரியும். இந்தப் படத்தில் கன்னத்தில் R 62, வெள்ளைச் சட்டையில் 84, விளக்கின் பளபளப்பில் 90. அதாவது முகத்தைவிட வெளிச்சமாக இரண்டு பொருள்கள் போட்டிக்கு நிற்கின்றன. இப்போது Post-Crop விக்னெட்டை -20 வைத்தால் என்ன ஆகும்? இடது மேல் மூலையில், தலையிலுள்ள மல்லிகைச் சரம் மங்கும். விளக்கு நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். முகத்தின் பக்கம் இருட்டி, விளக்கைக் காப்பாற்றியிருக்கிறோம். கண் விளக்குக்குப் போவதில் வியப்பில்லை.

### சரிசெய்த விதம்

Post-Crop Amount-ஐ 0 ஆக்கிவிட்டு `Shift+M` அழுத்தி Radial Gradient எடுத்தேன். நீள்வட்டத்தின் நடுவை மூக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் முகத்தில் டார்ச் அடித்தது போல ஆகிவிடும். கழுத்துக்குப் பக்கத்தில் நடுவை வைத்து, மேலே பூவுக்கு மேலும் கீழே இடுப்பு வரையும் வருகிற மாதிரி பெரிதாக இழுத்தேன். வெளிச்சம் இடப்பக்கத்து மேலிருந்து வருவதால் நீள்வட்டத்தையும் அந்தத் திசையில் கொஞ்சம் சாய்த்து, இடப்பக்க விளிம்பு ஃபிரேமுக்கு வெளியே போகும்படி விட்டேன். பிறகு Invert, Feather 100, Exposure -0.35.

இந்தச் சாய்வு முக்கியம். நிஜ வெளிச்சம் ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைந்தும்தான் விழும். நான்கு மூலையும் சமமாக இருண்டால், அறையின் வெளிச்சத்துக்கும் அந்த இருட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதைக் கண் கண்டுபிடித்துவிடும். பழைய பாணி என்று தோன்றுவதற்கு அளவைவிட இந்தச் சமச்சீர்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வெளிச்சம் வரும் பக்கத்தை அப்படியே விட்டு எதிர்ப்பக்கத்தை இருட்டினால், சாஃப்ட்பாக்ஸ்தான் அப்படி விழுந்திருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

அடுத்து வலது ஓரத்திலிருந்து ஒரு Linear Gradient, Exposure -0.40, Highlights -30. இது சட்டைக்காக. விளக்குக்குத் தனியாக பிரஷ் எடுத்துப் பித்தளைப் பளபளப்பை மட்டும் -0.30 அளவுக்குத் தடவினேன். சுடரைத் தொடவில்லை. சுடர் மங்கினால் விளக்கு அணையப்போவது போல இருக்கும், கல்யாணப் படத்தில் அதை எந்த வீட்டாரும் ஏற்க மாட்டார்கள். கடைசியாக முகத்துக்கு ஒரு சின்ன Radial Gradient, Feather 100, Exposure +0.15.

திரும்ப அளந்தால் கன்னம் 65, சட்டை 66, விளக்கு 78. விளக்கு இன்னும் முகத்தைவிட வெளிச்சம்தான். பரவாயில்லை, பித்தளை மின்னத்தான் வேண்டும். ஆனால் விளக்கும் சட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே வெள்ளைத் திட்டாக நின்றது உடைந்துவிட்டது. இப்போது கண் முகத்தில் நின்றுவிட்டுத்தான் விளக்குக்குப் போகிறது.

### சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

மாஸ்க்குக்குப் பக்கத்திலுள்ள கண் அடையாளத்தை அணைத்து அணைத்துப் போடுங்கள். மாற்றும்போது மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும், மாற்றாமல் பார்க்கும்போது இருட்டியதே தெரியக் கூடாது. அப்புறம் Photo மெனுவில் Flip Horizontal கொடுத்துப் படத்தைப் புரட்டிப் பாருங்கள். மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படம் போல இருக்கும். கனமான மூலை உடனே பிடிபடும். பார்த்துவிட்டு `Ctrl+Z`.

### ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் இருந்தால்

இரண்டு பேர் என்றால் நீள்வட்டம் இருவரையும் சேர்த்து வளைக்கட்டும். வரிசையாக ஐந்தாறு பேர் நிற்கும் குடும்பப் படத்தில் விக்னெட்டே வேண்டாம். வரிசைக் கடைசியில் நிற்கும் அத்தையும் சித்தப்பாவும்தான் இருட்டில் போவார்கள். ஆல்பம் வீட்டுக்குப் போனதும் அவர்கள் தேடுவது அவர்கள் முகத்தைத்தான்.

### ஃபோனில் செய்பவர்களுக்கு

Snapseed-இன் Vignette கருவியில் நடுப்புள்ளியை இழுத்து முகத்துப் பக்கம் வைக்க முடியும், இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கலாம். கருவியைத் திறந்ததுமே இருட்டு கொஞ்சம் அழுத்தமாக வரும். Outer Brightness-ஐ -15 பக்கம் கொண்டுவாருங்கள். Inner Brightness-ஐத் தொடாமல் விடுவது நல்லது. அதை ஏற்றினால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும்.

### எப்போது விட்டுவிட வேண்டும்?

மாஸ்க்கின் Exposure -0.60 தாண்டியும் கண் நகரவில்லை என்றால் அந்தப் படத்தின் வெளிச்சமே முகத்துக்கு எதிராக இருக்கிறது. இன்னும் இருட்டினால் அறிகுறி 1-க்குத்தான் திரும்பி வருவீர்கள். தலைக்கு நேர் பின்னால் எரியும் மேடை விளக்கு, முகத்தை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூண் போன்றவற்றை விக்னெட்டால் சமாளிக்க முடியாது. அதே தருணத்தின் வேறு ஃபிரேமைத் தேடுங்கள். அந்த ஒரு படம்தான் ஆல்பத்தின் அட்டை என்றால், முடியிழைகளைச் சுற்றி மாஸ்க் எடுக்கத் தெரிந்த ரீடச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: வெள்ளை வேட்டி ஓரத்தில் சாம்பலாகிவிட்டது

மாப்பிள்ளையும் பெண்ணும் முழு உருவமாக நிற்கும் செங்குத்துப் படத்தில் இது கட்டாயம் வரும். முழங்கால் பக்கம் வெள்ளையாக இருக்கும் வேட்டி, கரை வரும் இடத்தில் அழுக்கேறியது போலத் தெரியும். கர்சரை வைத்துப் பாருங்கள். முழங்காலில் 88, கணுக்காலில் 72 என்று வந்தால் காரணம் விக்னெட். விக்னெட்டை அணைத்தும் அதே வித்தியாசம் இருந்தால் ஃபிளாஷ் கால் வரை எட்டவில்லை என்று அர்த்தம், அது வேறு வேலை.

எளிய வழி, Post-Crop பகுதியிலேயே கடைசியில் இருக்கும் Highlights ஸ்லைடர். Amount மைனஸில் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும், Paint Overlay-இல் செய்யாது. அதை 50-60 வரை ஏற்றினால் வெளிச்சமான பகுதிகள் இருட்டிலிருந்து கொஞ்சம் தப்பிக்கும்.

அது போதவில்லை என்றால் மாஸ்க்குக்கு மாறுங்கள். பலர் உடனே Subtract கொடுத்து Select Subject-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்டி காப்பாற்றப்படும், ஆனால் சுற்றியுள்ள தரை இருண்டு வேட்டியின் விளிம்பு மட்டும் வெளிச்சமாக நிற்பதால் ஆள் ஸ்டிக்கர் ஒட்டியது போல ஆகிவிடுவார். அதற்குப் பதிலாக Subtract-இல் Luminance Range எடுத்து வெளிச்சமான பகுதியை மட்டும், விளிம்பை மென்மையாக வைத்து, கழிக்கலாம். தரை வெளிர் மார்பிளாக இருந்தால் அதுவும் கூடவே கழியும், அது நல்லதுதான்.

நான் பெரும்பாலும் செய்வது இவற்றைவிட எளிது. நீள்வட்டத்தைக் கீழே இழுத்து அதன் அடிப்பாகத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடுவேன். மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் இருட்டு, கீழே திறப்பு. வேட்டியைத் தனியாகக் காப்பாற்றும் தேவையே எழாது.

## அறிகுறி 4: ஓரத்தில் நிறம் கனத்துவிடுகிறது, கூந்தல் பின்னணியில் கலந்துவிடுகிறது

இருட்டும்போது நிறம் அடர்ந்து தெரியும். அரக்குப் பட்டின் முந்தானை ஓரத்தில் கட்டியாகி, நெசவே தெரியாமல் போகும். `J` அழுத்துங்கள். முந்தானையிலோ கூந்தலிலோ நீலத் திட்டுகள் வந்தால் அங்கே விவரம் முழுதாக மூழ்கிவிட்டது.

முதல் திருத்தம், மாஸ்க்கில் Exposure-ஐக் குறைப்பதற்குப் பதில் Highlights, Whites இரண்டையும் -20, -25 அளவில் இறக்குவது. கண்ணை இழுப்பது ஓரத்திலுள்ள வெளிச்சமான பொருள்கள்தான், ஏற்கெனவே இருண்டிருக்கும் கூந்தலை மேலும் இருட்டுவதால் எந்தப் பலனும் இல்லை. இப்படிச் செய்தால் நிழல்கள் தொடப்படாமல் இருக்கும். Exposure-தான் வேண்டும் என்றால் கூடவே Shadows +15, Saturation -8 கொடுத்துப் பாருங்கள். Post-Crop-இலேயே வேலை செய்பவர்கள் Style-ஐ Color Priority-க்கு மாற்றினால் நிறம் திரிவது குறையும், ஆனால் வெளிச்சப் பகுதிகளில் Highlight Priority அளவுக்கு விவரம் மீளாது.

மாநிறமும் கருத்த நிறமும் உள்ள முகங்களில் ஒன்றை மறக்காமல் பார்க்க வேண்டும். நீள்வட்டம் சிறியதாக இருந்தால் அதன் மங்கல் தாடையிலும் காது ஓரத்திலும் விழும். வெளிறிய முகத்தில் அது சாதாரண நிழலாகத் தெரியும், கருத்த முகத்தில் பாதி முகத்தையே எடுத்துவிடும். நெற்றி, கன்னம், தாடை மூன்றிலும் கர்சரை வைத்து, விக்னெட்டை அணைத்தும் போட்டும் எண்களை ஒப்பிடுங்கள். தாடையின் எண் ஒன்றிரண்டுக்கு மேல் இறங்கினால் நீள்வட்டத்தைப் பெரிதாக்குங்கள். கையும் மருதாணியும் ஓரத்தில் வந்தால் பிரஷ் எடுத்து, Flow-வைக் குறைவாக வைத்து, மெல்லக் கழித்துவிடுங்கள்.

## அறிகுறி 5: வெற்றுப் பின்னணியில் வளையம் வளையமாகக் கோடு

ஸ்டூடியோ பேக்ட்ராப்பில், ஒரே நிறச் சுவரில் இது வரும். முதலில் கோடு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். Lightroom-இல் இல்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் வருகிறது என்றால் அது சுருக்கியதால் வந்தது. டாக்குமெண்டாக அனுப்பினால் போய்விடும். எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக்கிலேயே இருந்தால் Quality-ஐ 90-க்கு மேல் ஏற்றிப் பாருங்கள்.

Lightroom-இலேயே தெரிகிறது என்றால் பெரும்பாலும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அளவு மீறிப் போயிருக்கும். சுவரிலிருந்த நுண்ணிய பொடி முழுதும் துடைக்கப்பட்டதால் ஒரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே படிக்கட்டு தெரிகிறது. அதைக் கொஞ்சம் குறையுங்கள், அல்லது Effects பகுதியிலேயே Grain Amount-ஐ 8-12 வரை கொடுங்கள். 100% பெரிதாக்கிப் பார்த்தால்தான் அந்தப் பொடி தெரியும், படிக்கட்டு மறைந்திருக்கும்.

மூலப்படமே ஜேபெக் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருண்ட பகுதிக்கு அதிலும் சிலதான் கிடைக்கும். அங்கே விக்னெட்டை -5 அளவில் வைத்துக்கொள்வது, அல்லது விட்டுவிடுவதுதான் நல்லது. ரா கோப்பைப் ஃபோட்டோஷாப்பில் எடுத்துச் செய்பவர்கள் 16 பிட்டில் திறந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கோடு எல்லாப் படத்திலும், எல்லா மென்பொருளிலும், ஒரே கணினியில் மட்டும் வந்தால் அந்த மானிட்டர்தான் காரணம். அதே படத்தை நல்ல ஃபோனில் திறந்து உறுதிசெய்துகொண்டால் போதும், படத்தில் கைவைக்க வேண்டாம்.

## அறிகுறி 6: திரையில் அளவாக இருந்தது, ஆல்பத்தில் ஓரம் கருத்துவிட்டது

மானிட்டர் பிரகாசம்தான் முதல் காரணம். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் திரையில் விவரமாகத் தெரியும் ஓரம், அச்சில் கருப்பாகிவிடும். பிரகாசத்தைக் குறையுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அறை வெளிச்சத்தில் இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒத்துவரும் வரை இறக்கினால் தொடக்கத்துக்குப் போதும். அப்படி இறக்கிய பிறகு பழைய படங்களைத் திறந்தால் விக்னெட் எவ்வளவு அதிகமாகப் போட்டிருந்தோம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, `S` அழுத்தி Soft Proofing-ஐப் போட்டு, லேப் கொடுத்த புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மூலையில் விவரம் எங்கே அடங்குகிறது என்று ஓரளவு காட்டும். மேட் காகிதத்தில் கருப்பின் ஆழம் குறைவு என்பதால் இருண்ட ஓரம் சாம்பல் பூத்தது போல வரும். அதற்கு அனுப்பும் படங்களில் விக்னெட்டைப் பாதியாக்கிவிடலாம்.

ஆல்பம் பக்கத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டப்படும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விக்னெட் அகலமாகப் பரவியிருந்தால் வெட்டினாலும் தெரியாது. மூலையில் குவிந்திருந்தால் ஒருபக்கம் இருட்டு போய் மறுபக்கம் நிற்கும். இரண்டு பக்கங்களைச் சேர்த்து விரித்த படத்தில் நடுமடிப்பும் ஒரு நிழல்தான். முகம் மடிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து இருட்டை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் அச்சு ஒத்துவரவில்லை என்றால் செலவு செய்ய வேண்டிய இடம் வந்துவிட்டது. முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன் ஒரே படத்தை விக்னெட் இல்லாமல், மாஸ்க்கில் Exposure -0.20, -0.35 என்று மூன்று விதமாக ஒரே தாளில் சோதனை அச்சு கேளுங்கள். விக்னெட் இல்லாத படமே இருட்டாக வந்தால் கோளாறு உங்கள் எடிட்டில் இல்லை. மானிட்டரை அளவுதிருத்தும் கருவி வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ சரிசெய்துவிட்டு, அந்தச் சோதனைத் தாளோடு லேப்பில் கலர் பார்ப்பவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மூன்று படத்தையும் அவர் முன்னால் வைத்தால், அவருடைய இயந்திரத்துக்கு எந்த அளவு சரிவரும் என்று அவரே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.